சொந்தப் பணத்துக்கு எத்தனை பைசா வட்டி?

ஐயா, நான் திருமங்கலத்தில் பள்ளி ஆசிரியை. 5 லட்சம் ரூபாய் மூன்று வருட எஃப்.டி., 7% வட்டி, வட்டியும் அதிலேயே சேருகிறது. இரண்டு வருடம் முடிந்துவிட்டது. மகள் கல்யாணத்துக்கு இப்போது 3 லட்சம் வேண்டும். எஃப்.டி. மேல் 8%-க்குக் கடன் தருகிறார்கள். "வித்தியாசம் ஒரு சதவிகிதம்தான். இந்த வருடம் உங்களுக்கு 41,000 வட்டி வரும், கடனுக்கு 25,000 போகும், அப்போதும் லாபம்தான்" என்கிறார் மேனேஜர். "சொந்தப் பணத்துக்கு யாராவது வட்டி கட்டுவார்களா? உடைத்துவிடு" என்கிறார் என் அண்ணன். உடைத்தால் 7%-க்குப் பதில் 6.3%-தான் கணக்குப் போடுவார்களாம். இப்போது புதிதாகப் போட்டால் 6.25%. மூன்றாவது மாதம் கல்யாணம். மொய் வந்தால் 2 லட்சம் அடைத்துவிடலாம், மீதி எஃப்.டி. முதிரும்போது. வருமான வரியில் பழைய முறை, 20% அடுக்கு. யார் சொல்வது சரி?

டீச்சர், மேனேஜர் சொன்னதில் ஒரு பாதி சரி, ஒரு பாதி விற்பனைப் பேச்சு. அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 41,000 வருகிறது, 25,000 போகிறது என்ற அதே வசனத்தை நானும் பேசியிருக்கிறேன் என்பதால் முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் 5 லட்சம் இரண்டு வருடத்தில் சுமார் 5,74,440 ஆகியிருக்கிறது. மேனேஜர் சொன்ன 41,000 இந்த முழுத் தொகைக்கும் மூன்றாவது வருடம் வரும் வட்டி. நீங்கள் கடன் வாங்குவதோ 3 லட்சம். மீதி இருக்கும் 2,74,440 நீங்கள் கடன் வாங்கினாலும் சம்பாதிக்கும், வாங்காவிட்டாலும் சம்பாதிக்கும். அதன் வருமானத்தைக் கொண்டுவந்து கடனுக்கு எதிரில் வைத்து "லாபம்" என்று காட்டுவது, மாடி வீட்டு வாடகையைக் காட்டி மளிகைக் கடை நஷ்டமில்லை என்பது போல. 3 லட்சம் கடனுக்கு எதிரே 3 லட்சம் டெபாசிட்டின் வட்டியைத்தான் நிறுத்த வேண்டும்.

அப்படி நிறுத்திப் பார்ப்போம். எஃப்.டி. வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலில் சேருகிறது. அதனால் 7% என்பது வருடக் கடைசியில் 7.19% ஆகிவிடும். 3 லட்சத்துக்கு 21,560 ரூபாய். கடன் வட்டி மாதாமாதம் ஏறுகிறது. நீங்கள் நடுவில் எதுவும் கட்டாமல் விட்டால் 8% என்பது 8.3% ஆகி, ஒரு வருடத்துக்கு 24,900 ரூபாய் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 3,340 ரூபாய். சதவிகிதத்தில் 1.1. ஆக, "ஒரு சதவிகிதம்தான்" என்ற மேனேஜரின் வாக்கு இதுவரை கிட்டத்தட்ட நிற்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு மாதம் ஒன்பது பைசா வட்டி. ரெண்டு வட்டி, மூணு வட்டி என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது வட்டியே இல்லை.

ஆனால் இதில் வருமான வரியைச் சேர்க்கவில்லை. உங்கள் விஷயத்தில் பெரிய ஆள் அதுதான்.

டெபாசிட் வட்டி உங்கள் வருமானம். அதில் 20 சதவிகிதமும் அதன் மேல் செஸ் 4 சதவிகிதமும், ஆக 20.8% வரியாகப் போகும். கடனுக்கு நீங்கள் கட்டும் வட்டியை அதில் கழிக்க முடியாது. இது பலருக்கும் அநியாயமாகத் தெரியும். ஒரு மருத்துவருக்கும் அப்படித்தான் தெரிந்தது. வங்கியில் தன் டெபாசிட்டை ஈடாக வைத்துக் கடன் வாங்கியிருந்தார். வந்த வட்டியிலிருந்து கட்டிய வட்டியைக் கழித்து மீதிக்குத்தான் வரி என்று வாதாடினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கழிக்க முடியாது என்று 2001-ல் தீர்ப்பாகிவிட்டது. வந்த வட்டியை அப்படிக் குறைத்துக் காட்டச் சட்டத்தில் இடமில்லை, ஆகவே அது வேறு, இது வேறு என்பதுதான் அதன் சாரம்.

உங்கள் 21,560-ல் வரி 4,480 போனால் கையில் நிற்பது 17,080. கடனுக்குப் போவது 24,900. வித்தியாசம் 7,820 ரூபாய். ஒரு சதவிகிதம் என்று சொன்ன செலவு 2.6% ஆகிவிட்டது. ஊர்க் கணக்கில் இருபத்திரண்டு பைசா வட்டி. இன்னும் மலிவுதான், ஆனால் சொன்னதைப் போல இரண்டரை மடங்கு. 30% அடுக்கில் இருப்பவருக்கு இதே கணக்கு 3.4 சதவிகிதத்தில் போய் நிற்கும்.

வரியே இல்லாதவருக்கு மேனேஜரின் ஒரு சதவிகிதம் அப்படியே பொருந்தும். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டு முதல், புதிய முறையில் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் சம்பளத்துக்கும் இதுபோன்ற வட்டிக்கும் வரி கிடையாது. அவர்கள் 1.1% என்றே வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, டி.டி.எஸ். பிடிக்கவில்லையே, அப்புறம் எங்கே வரி என்று கேட்காதீர்கள். வருட வட்டி 50,000 தாண்டினால்தான் வங்கி பிடிக்கும் என்பது வங்கிக்கான விதி. வரி கட்டுவது உங்களுக்கான விதி.

கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரி ஒருவர் என் வாடிக்கையாளராக இருந்தார். எஃப்.டி. மேல் ஓவர்டிராஃப்ட் வைத்திருந்தார். காலையில் சரக்குக்குப் பணம் எடுப்பார், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வசூலைக் கொண்டுவந்து கட்டுவார். ஓ.டி.யில் அன்றன்றைக்கு நிற்கும் பாக்கிக்குத்தான் வட்டி. மாதக் கடைசியில் அவருக்கு ஏறும் வட்டியைப் பார்த்தால் டீச் செலவுக்குக்கூடக் காணாது. அதோடு, வியாபாரத்துக்கு வாங்கிய கடன் என்பதால் அந்த வட்டியை அவர் வியாபாரச் செலவாகக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். ஒரே வங்கி, ஒரே 7%, ஒரே 8%. உங்கள் அடுக்கிலேயே அவர் இருந்தாலும் ஒரு வருடம் வாங்கினால் அவருக்குச் செலவு ஒரு சதவிகிதத்துக்கும் கீழே. உங்களுக்கு 2.6. கல்யாணச் செலவை யாரும் கழிக்க விடமாட்டார்கள்.

சரி, இப்போது அண்ணன் பக்கம். சொந்தப் பணத்துக்கு வட்டி கட்டுவதா என்கிறார். உடைத்தாலும் நீங்கள் கட்டத்தான் போகிறீர்கள், அதற்கு வட்டி என்ற பெயர் மட்டும் இருக்காது.

6.3% எங்கிருந்து வந்தது தெரியுமா? நீங்கள் டெபாசிட் போட்ட அன்று இரண்டு வருடத்துக்கு என்ன விகிதம் இருந்ததோ, அதை எடுத்து அதிலிருந்து அபராதமாக அரையோ ஒன்றோ கழிப்பார்கள். மூன்று வருடத்துக்குப் பேசிய 7% அப்போது செல்லாது. இந்தக் குறைந்த விகிதம் இனி வரும் நாளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முதல் நாளிலிருந்தே திருப்பிக் கணக்குப் போடுவார்கள். அதனால் 5,74,440 என்று நினைத்துக்கொண்டிருக்கும் தொகை 5,66,580 ஆகச் சுருங்கிவிடும். 7,860 ரூபாய் ஒரே நாளில் போய்விடும். குறைந்த வட்டிக்கு வரியும் குறையும் என்பதால் உண்மையில் இழப்பது சுமார் 6,220.

அதோடு முடியவில்லை. 3 லட்சத்தை எடுத்த பிறகு மிஞ்சும் 2,66,580-ஐ மறுபடி போட்டால் இனி 6.25%தான். முன்பு பேசிய 7% கிடைக்காது. அந்த வகையில் வரி போக ஒரு வருடத்தில் 1,660 குறையும். போன 7,860 அங்கேயே இருந்திருந்தால் சம்பாதித்திருக்கும் வட்டி ஒரு 450. மூன்றையும் கூட்டினால் 8,330 ரூபாய்.

கடன் வழியில் 7,820, உடைக்கும் வழியில் 8,330. வருடம் முழுவதும் 3 லட்சமும் நின்றால் வித்தியாசம் 500 ரூபாய்தான். உங்கள் அண்ணனும் மேனேஜரும் சண்டை போட்டது இந்த ஐந்நூறுக்கு.

ஆனால் இரண்டு செலவும் ஒரே ஜாதி இல்லை. உடைக்கும் செலவில் பெரும்பகுதி முதல் நாளே போய்விடும். பணம் ஒரு மாதத்தில் கைக்குத் திரும்பினாலும் அந்த 6,220 திரும்பாது. கடன் செலவு மீட்டர் போல ஓடும். (மதுரையில் எந்த ஆட்டோவில் மீட்டர் என்று கேட்காதீர்கள்.) உங்கள் வரி அடுக்கில் அந்த மீட்டர் 3 லட்சத்துக்கு மாதம் 650 ரூபாய் வேகத்தில் ஓடுகிறது. இறங்கும் இடம் பக்கமென்றால் மீட்டர் லாபம், தூரமென்றால் முன்பே பேசிய வாடகை லாபம். பன்னிரண்டு மாதத்தை ஒட்டித்தான் இரண்டும் சமமாகின்றன. உங்கள் எஃப்.டி.க்கு மிச்சம் இருப்பதும் பன்னிரண்டு மாதம்தான் என்பது தற்செயல். வேறொருவருக்கு இந்த எண் வேறாக இருக்கும். எஃப்.டி. போட்டு ஆறு மாதமே ஆகியிருந்தால் இழக்கும் வட்டி குறைவு, அப்போது உடைப்பது சீக்கிரமே லாபமாகிவிடும்.

இப்போது மொய்யை உள்ளே கொண்டுவாருங்கள். மூன்று மாதம் 3 லட்சம், பிறகு 2 லட்சம் அடைத்து ஒன்பது மாதம் 1 லட்சமும் சில்லறையும். கடனுக்கு மொத்த வட்டி 12,600-க்குள் வரும். அதே காலத்தில் அதே அளவு டெபாசிட் தரும் வட்டி, வரி போக 8,600. நிகரச் செலவு 4,000 ரூபாய். உடைத்திருந்தால்? வந்த மொய்ப்பணத்தையும் குறைந்த விகிதத்தில்தான் போட வேண்டும் என்பதால் செலவு 9,200 ஆகும். ஆக உங்களுக்குக் கடன்தான் மேல், 5,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். மேனேஜர் சொன்ன காரணம் தப்பு, முடிவு சரி.

மொய் என்பது வரவு இல்லை, நோட்டில் எழுதி வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பது உசிலம்பட்டிப் பக்கம் விசேஷத்துக்குப் போய் வந்த எல்லோருக்கும் தெரியும். அதற்கு வட்டி இல்லை என்பதால் மட்டும்தான் அதை இந்தக் கணக்கில் இலவசப் பணமாக வைத்தேன்.

கடனை எந்த வடிவில் வாங்குகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். டிமாண்ட் லோன் என்றால் 3 லட்சத்தையும் அன்றே உங்கள் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுவார்கள், மீட்டரும் அன்றே முழு வேகத்தில் ஓடத் தொடங்கும். ஓவர்டிராஃப்ட் என்றால் வரம்பு மட்டும்தான் வைப்பார்கள். மண்டப அட்வான்ஸுக்கு இன்று 50,000, நகைக்கு அடுத்த மாதம், சமையல்காரருக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் என்று எடுக்க எடுக்கத்தான் வட்டி. மொய்ப்பணத்தைக் கட்டுவதும் அதில் சுலபம், நேரே அந்தக் கணக்கில் போட்டால் அன்றிலிருந்து பாக்கி குறையும். உங்களுக்கு ஓ.டி.தான் பொருத்தம். கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அவர்களுக்கு எது சுலபமோ அதைக் கொடுப்பார்கள்.

காகிதப் பக்கம் அதிக வேலையில்லை. ரசீதின் பின்னால் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கணக்கில் லியன் என்று ஒரு குறிப்பு ஏற்றுவார்கள். கடன் தீரும்வரை அந்த டெபாசிட்டை நீங்கள் எடுக்க முடியாது என்பதற்கான பூட்டு அது. எஃப்.டி. கூட்டாக இருந்தால் கணவரும் வர வேண்டியிருக்கும். பொதுவாக 90 சதவிகிதம் வரை கொடுப்பதால் 3 லட்சத்துக்குத் தடையிருக்காது. வரிச் சலுகைக்காகப் போடும் ஐந்து வருட எஃப்.டி.யாக இருந்தால் மட்டும் கடனும் கிடையாது, உடைக்கவும் முடியாது. உங்களுடையது மூன்று வருடம், அந்தக் கவலை இல்லை.

எஃப்.டி. முதிரும் நாளில் வங்கி முதலில் தன் பாக்கியை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் தரும். என்னிடம் ஒருவர் முதிர்வு நாளன்று வந்து, ரசீதில் அச்சடித்த தொகை ஏன் வரவில்லை என்று கவுன்டரில் சத்தம் போட்டார். ஓ.டி. வட்டி மாதாமாதம் ஏறியதை அவர் பாஸ்புக்கில் பார்க்கவே இல்லை, பதினான்கு மாதமாகப் பதிவும் போடவில்லை. மாதம் ஒருமுறை பதிவு போட்டு, மாதக் கடைசித் தேதியில் எவ்வளவு வட்டி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பாக்கி 3 லட்சமாக நிற்கும் மாதத்தில் அது 2,000-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 1 லட்சமாகக் குறைந்த பிறகு 700-ஐ ஒட்டி. அதற்கு மேல் கண்ணில் பட்டால், 8%-க்குப் பதில் வேறு விகிதம் ஏற்றியிருக்கிறார்கள் அல்லது ஏதோ கட்டணம் பிடித்திருக்கிறார்கள். அன்றே கேளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி பாக்கி. உங்கள் வங்கி எஃப்.டி.யில் ஒரு பகுதியை மட்டும் உடைக்க விடுமா என்று கேளுங்கள். சில இடங்களில் ஆயிரம் ஆயிரமாகக்கூட எடுக்கலாம், பல இடங்களில் மொத்தமாகத்தான். 3 லட்சத்துக்குத் தேவையானதை மட்டும் உடைக்க முடியுமென்றால், அபராதம் அந்தப் பகுதிக்கு மட்டும்தான் விழும், மீதி 7%-லேயே நிற்கும். அப்போது உடைக்கும் செலவு 8,330-லிருந்து 3,500 ரூபாய்க்கு இறங்கிவிடும். மொய் வரும் என்று உறுதியாக இருந்தால், அதை மறுபடி போடுவதில் வரும் குறைவையும் சேர்த்துப் பார்க்கும்போது, கடனுக்கும் இதற்கும் ஐந்நூறு ரூபாய் அளவே வித்தியாசம், எது வசதியோ அதைச் செய்யலாம். மொய்யில் சந்தேகம் இருந்து, பாக்கி வருடம் முழுவதும் நிற்குமென்றால் பகுதியாக உடைப்பதே மேல், அண்ணன் ஜெயித்துவிடுவார்.

அடுத்த வருடம் இது முதிர்ந்து, மறுபடி டெபாசிட் போடப் போகும்போது ஒரே ரசீதாகப் போடாதீர்கள். லட்சம் லட்சமாகத் தனித்தனி ரசீது கேளுங்கள். கவுன்டரில் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், ஐந்து தடவை தட்டச்ச வேண்டுமே. வட்டி விகிதம் அதேதான். அவசரம் வந்தால் மூன்று ரசீதை மட்டும் உடைக்கலாம், மற்ற இரண்டும் அதுபாட்டுக்குக் கிடக்கும்.